நிறமா, உருவமா, எழுத்தா? இன்ஹேலர் படத்தைப் பார்த்து முடிவெடுப்பது

காலபோக அறுவடை முடிகிற பங்குனி மாதம். ஒட்டுசுட்டான் பக்கம் இருக்கிற மாமி பகல் முழுக்க நெல்லுக் காயப்போட்ட இடத்தில் நின்றிருக்கிறா. சொங்குத் தூசி வயதுக்கு ஒத்துவராது என்று சொன்னால் கேட்கிற ஆள் இல்லை. இரவு பத்தரைக்கு அவவின் பேரன் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினான். கீழே ஒரு வரி: "மாமா, அப்பம்மாவுக்கு முட்டு. இதில எதை அடிக்கிறது?"

நான் கிளிநொச்சியில் ஒரு பாமசியில் மருந்து எடுத்துக் கொடுக்கிறவன். இப்படியான படங்கள் மாதத்துக்கு நாலைந்து வரும். அன்றைய படத்தில் மூன்று சாமான்கள் ஒரு பிளாஸ்டிக் கதிரையில் கிடந்தன. ஒன்று நீலம் மாதிரி ஒரு பம்ப், லண்டனில் இருக்கிற மகன் அனுப்பியது. இன்னொன்று சிவப்பு பம்ப், அமெரிக்காவிலிருந்து கலியாணத்துக்கு வந்த சொந்தக்காரர் விட்டுப்போனது. மூன்றாவது, கிளினிக்கில் கொடுத்த, குளிசையை உள்ளே போட்டு இழுக்கிற கருவி. அதன் பக்கத்தில் சின்னப் பொலித்தீன் பையில் கொஞ்சக் குளிசைகள்.

பேரன் ஏற்கெனவே முடிவெடுத்துவிட்டான். "நீலம்தானே மாமா முட்டுக்கு?" என்று அடுத்த வரி. அவனைக் குறை சொல்ல முடியாது. எங்கள் ஊரில் எல்லாரும் அப்படித்தான் பழகியிருக்கிறார்கள். ஆனால் அன்று அடிக்க வேண்டியிருந்தது சிவப்பு. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் இரண்டு வகையைப் பிரித்துக்கொள்வோம். ஒன்று முட்டு வந்த நேரத்தில் அடிப்பது. சல்பியூட்டமோல் அதில் முக்கியமானது. மூச்சுக்குழாயைச் சுற்றி இறுகிப் போன தசையைத் தளர்த்தும், சில நிமிடத்தில் வேலை தொடங்கும், நாலு மணித்தியாலம் அளவில் அதன் பலன் போய்விடும். மற்றது முட்டு வராமல் இருக்க ஒவ்வொரு நாளும் எடுப்பது. பெக்லோமெத்தசோன், புடசோனைட், புளூட்டிகசோன் போன்ற ஸ்டீரொய்டுகள் இந்த வகை. மூச்சுக்குழாயின் உள்பக்க வீக்கத்தை மெல்ல மெல்லக் குறைக்கும். அதற்கு நாட்கள், சில பேருக்கு வாரங்கள் எடுக்கும். முட்டு நேரத்தில் இதை எத்தனை தரம் அடித்தாலும் அந்த நேரத்துக்கு ஆறுதல் வராது. தவறு நடப்பதே இங்கேதான். மருந்து உள்ளே போகிறது, ஆள் "அடிச்சிட்டன்" என்று நம்பிக் காத்திருக்கிறார், நேரம் போய்விடுகிறது.

ஒரு படத்தைப் பார்த்து இது எந்த வகை என்று சொல்ல மூன்று வழி இருக்கிறது: நிறம், உருவம், எழுத்து. மூன்றும் ஒரே கேள்விக்குப் பதில் சொல்வதில்லை.

நிறத்தை எடுத்துக்கொண்டால், முட்டுக்கு நீலம், நாளாந்தம் எடுப்பதற்கு மண்ணிறம் என்பது பிரித்தானியாவிலிருந்து வந்த பழக்கம். சல்பியூட்டமோல் உள்ள வென்டோலின் நீலம், பெக்லோமெத்தசோன் மண்ணிறம், புளூட்டிகசோன் செம்மஞ்சள், சல்மெட்டரோலும் புளூட்டிகசோனும் சேர்ந்த செரெடைட் ஊதா. இலங்கை, இந்தியச் சந்தையும் பெரும்பாலும் இதையே ஒட்டி நடப்பதால் பல நேரம் சரிவரும். ஆனால் இது வெறும் வழக்கம். எல்லா நாட்டு நிறுவனங்களையும் கட்டுப்படுத்துகிற சட்டம் எதுவும் இல்லை. அமெரிக்காவில் முட்டுக்கு அடிக்கிற அல்பியூட்டரோல், அதாவது எங்கள் சல்பியூட்டமோலேதான், சிவப்புப் பிளாஸ்டிக்கில் வந்தது. மஞ்சள் பிளாஸ்டிக்கில் செம்மஞ்சள் மூடியோடும் வந்தது. அங்கே வென்டோலின் மட்டும் நீலமாகவே இருந்தது. அதே சிவப்பு நிறத்தை அடிப்பக்கத்தில் வைத்திருக்கிற சிம்பிகோர்ட் டர்போஹேலர் நாளாந்தம் எடுக்கிற கலப்பு மருந்து. புலம்பெயர்ந்த சொந்தம் ஊருக்கு வரும்போது சொக்லேட்டோடு மருந்தும் வருகிற எங்கள் வீடுகளில், நாலு நாட்டு நிற வழக்கம் ஒரே அலுமாரியில் கலந்து கிடக்கிறது.

அதைவிடப் பெரிய சிக்கல் கமரா. மாமி வீட்டுப் படம் ரோச் வெளிச்சத்தில் எடுத்தது. பேரன் நீலம் என்று சொன்ன பம்பை நானும் முதலில் நீலம் என்றுதான் பார்த்தேன். அது ஊதா. வெள்ளை ரோச் வெளிச்சத்தில், தொலைபேசி தன் பாட்டுக்கு நிறத்தைத் திருத்தும்போது, ஊதாவில் இருக்கிற சிவப்புச் சாயல் போய்விடும். ஊதாவும் கடும் நீலமும் ஒன்றுபோலத் தெரிந்த படங்களை நான் ஒன்றல்ல, பலமுறை பார்த்திருக்கிறேன். மஞ்சள் பல்ப் வெளிச்சத்தில் செம்மஞ்சளும் மண்ணிறமும் இதே மாதிரிக் குழம்பும், ஆனால் அவை இரண்டும் நாளாந்தம் எடுப்பவை என்பதால் முட்டு நேரத்தில் அந்தக் குழப்பத்தால் பெரிய ஆபத்து இல்லை. ஊதாவும் நீலமும் மாறினால்தான் கதை கெடும்.

இன்னொன்று, இதைச் சொன்னால் பலர் சிரிப்பார்கள். பம்பின் நிறம் பிளாஸ்டிக்கில்தான் இருக்கிறது. மருந்து உள்ளே இருக்கிற உலோகக் குப்பியில் இருக்கிறது. கிழமைக்கு ஒருதரம் பிளாஸ்டிக்கைக் கழுவச் சொல்கிறோம். இரண்டு பம்பையும் ஒன்றாகக் கழுவி, வெயிலில் காயவைத்து, குப்பியை மாற்றிச் செருகிவிட்டால்? மண்ணிறப் பெட்டிக்குள் சல்பியூட்டமோல், நீலத்துக்குள் பெக்லோமெத்தசோன். புதுக்குடியிருப்பிலிருந்து வந்த ஒரு அக்கா "நீலம் இப்ப வேலை செய்யுதில்லை, பழைய மருந்து தந்திட்டீங்கள்" என்று என்னோடு சண்டைக்கு வந்தா. குப்பியை வெளியே இழுத்துப் பார்த்தால் அவவே மாற்றிப் போட்டிருக்கிறா. அன்றிலிருந்து கழுவுகிற ஆட்களுக்கு நான் சொல்வது, ஒன்றைக் கழுவி, காயவைத்து, பூட்டி முடித்த பிறகு மற்றதைக் கழட்டுங்கள் என்று.

சரி, உருவம். இது வேறு கேள்விக்குப் பதில் சொல்லும்: மருந்து என்ன என்பதற்கு அல்ல, எப்படி இழுப்பது என்பதற்கு. மேலே உலோகக் குப்பி தெரிய, கீழே முழங்கை மாதிரி வளைந்த பிளாஸ்டிக் இருந்தால் அது அமுக்குகிற பம்ப். குலுக்க வேண்டும், அமுக்குகிறபோதே மெதுவாக, நீளமாக இழுக்க வேண்டும், பத்து வினாடி மூச்சைப் பிடிக்க வேண்டும். வட்டத் தட்டு மாதிரி, பக்கத்தில் ஒரு நெம்பும் எண்ணிக்கை காட்டுகிற சின்ன ஜன்னலும் இருந்தால் அது தூள் கருவி. அடியைத் திருகுகிற குழாய் மாதிரி இருப்பதும் தூள்தான். எங்கள் கிளினிக்குகளில் அதிகம் கொடுக்கிற குளிசை போட்டு இழுக்கிற கருவியும் தூள். தூளுக்குக் குலுக்கல் கிடையாது. பலமாக, வேகமாக இழுக்க வேண்டும். பம்பை அப்படி வேகமாக இழுத்தால் மருந்து தொண்டையில் மோதி நின்றுவிடும். தூளை மெதுவாக இழுத்தால் தூள் கருவியிலேயே கிடக்கும்.

குளிசைக் கருவி எங்கள் பக்கத்துக்கே உரிய தலையிடி. ஒரே கருவிதான், அதற்குள் காலையில் பெக்லோமெத்தசோன் குளிசையும் போடலாம், முட்டு வந்தால் சல்பியூட்டமோல் குளிசையும் போடலாம். ஆகவே கருவியின் படம் எதையுமே சொல்லாது. குளிசையின் நிறமும் நிறுவனத்துக்கு நிறுவனம், சில நேரம் விநியோகத்துக்கு விநியோகம் மாறும். மருந்துக் கவரில் எழுதியிருப்பது ஒன்றுதான் அடையாளம். அந்தக் கவரைத்தான் எங்கள் சனம் முதல் வேலையாக எறிகிறது. மாமியின் பையிலும் இரண்டு நிறக் குளிசை கலந்து கிடந்தது, கவர் இல்லை. விழுங்குகிற குளிசை என்று நினைத்துத் தண்ணீரோடு குடித்தவர்களும் உண்டு, அது தனிக் கதை.

இனி எழுத்து. என் தீர்ப்பை இப்போதே சொல்லிவிடுகிறேன்: மூன்றில் இதை மட்டும்தான் நம்பி அடிக்கலாம். ஆனால் இதற்குள்ளும் ஒரு பொறி இருக்கிறது. மங்கலான படத்தில் salbutamol என்பதையும் salmeterol என்பதையும் பாருங்கள். இரண்டும் sal என்று தொடங்கி ol என்று முடிகின்றன. நடுவில் இருப்பது தெளிவில்லை என்றால் அவசரத்தில் கண் தனக்கு வேண்டியதையே வாசிக்கும். முதலாவது முட்டுக்கானது. இரண்டாவது மெதுவாகத் தொடங்கி பன்னிரண்டு மணித்தியாலம் நிற்கிற மருந்து, முட்டு நேரத்துக்கு உதவாது. albuterol என்று அமெரிக்கப் பெட்டியில் இருந்தால் அது salbutamol இன் இன்னொரு பெயர். ஆனால் terol என்று முடிந்தால் எல்லாம் ஒன்று என்று நினைத்துவிடாதீர்கள், salmeterol உம் அப்படித்தான் முடிகிறது.

எழுத்து மங்கினால் இலக்கம் கைகொடுக்கும். சல்பியூட்டமோல் பம்பில் வழக்கமாக 100 என்ற ஒரே இலக்கம் இருக்கும், மைக்ரோகிராம் கணக்கில். அமெரிக்கப் பெட்டியில் அதே மருந்து 90 என்று வரும். குப்பியிலிருந்து வெளிவருவதை ஒரு நாடு அளக்கிறது, வாயருகே வருவதை மற்ற நாடு அளக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். இடையில் சாய்கோடு போட்டு 25/125, 25/250 என்று இரண்டு இலக்கம் இருந்தால் அது இரண்டு மருந்து சேர்ந்தது. பெரும்பாலும் நாளாந்தம் எடுக்கிற வகை. எல்லாம் அல்ல: சல்பியூட்டமோலோடு இப்ராட்ரோப்பியம் சேர்ந்ததும் இரண்டு மருந்துதான், ஆனால் அது முட்டு நேரத்தில் அடிக்கிற வகை.

இங்கே ஒரு சிக்கலையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். புடசோனைட்டும் போர்மொட்டரோலும் சேர்ந்த மருந்தை நாளாந்தமும் எடுத்து, முட்டு வந்தாலும் அதையே அடிக்கச் சொல்லி டொக்டர்மார் சில பேருக்கு எழுதுகிறார்கள். போர்மொட்டரோல் நீண்ட நேரம் நின்றாலும் சில நிமிடத்திலேயே தொடங்கிவிடும், அதனால் இது நடக்கும். சர்வதேச ஆஸ்துமா வழிகாட்டி 2019 இலிருந்து சல்பியூட்டமோலை மட்டும் தனியே நம்பியிருப்பதை விட்டு இந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது. ஆகவே "கலப்பு மருந்து என்றால் முட்டுக்கு இல்லை" என்று நான் ஒரேயடியாகச் சொல்ல முடியாது. அந்த ஆளின் கிளினிக் கொப்பியில் எப்படி எழுதியிருக்கிறது என்பதுதான் முடிவு. அதே சலுகையை சல்மெட்டரோல் கலந்த ஊதாவுக்குக் கொடுக்க முடியாது, அது அவ்வளவு விரைவாகத் தொடங்காது.

இப்போது அன்றைய இரவுக்குத் திரும்புவோம். நான் பேரனிடம் முதலில் கேட்டது மருந்தைப் பற்றி அல்ல. "அப்பம்மா ஒரு வசனத்தை முழுசாச் சொல்லுறாவோ?" நாலைந்து சொல்லுக்கு ஒருதரம் மூச்சு வாங்குகிறா என்றான். சொண்டு நீலம் பாயவில்லை, நினைவு தெளிவு. ஒரு சொல்லுக்கு மேல் சொல்ல முடியாமல், சொண்டு கறுத்து, மயங்குகிற மாதிரி இருந்தால் படம் எல்லாம் பார்த்துக்கொண்டு நிற்கக்கூடாது, 1990 இல் அம்புலன்ஸைக் கூப்பிட வேண்டியதுதான். கையில் முட்டு மருந்து இருந்தால் அம்புலன்ஸ் வரும்வரை அடித்துக்கொண்டிருக்கலாம்.

பிறகு படத்தைத் திருப்பி எடுக்கச் சொன்னேன். "ரோச்சை நேர பிடிக்காத, பக்கத்தில பிடி. வெள்ளைக் கடதாசியில வை. குப்பியை மேல இழுத்தெடுத்து, எழுத்து இருக்கிற பக்கத்தை மட்டும் கிட்டப் பிடிச்சு எடு." நேரே அடிக்கிற வெளிச்சம் உலோகத்தில் பட்டுத் தெறித்து எழுத்தை அழித்துவிடும், அதனால்தான் பக்கவாட்டில். வெள்ளைக் கடதாசி வைத்தால் தொலைபேசி நிறத்தையும் ஓரளவு சரியாகப் பிடிக்கும். இரண்டாவது தரம் வந்த படங்களில் "நீல" பம்ப் தெளிவான ஊதாவாகவே இருந்தது. குப்பியில் 25/250. சிவப்பின் குப்பியில் albuterol, 90. காலாவதித் திகதிக்கு இன்னும் ஒரு வருடத்துக்கு மேல். பின்னால் இருக்கிற எண்ணிக்கையில் இருநூறுக்குக் கிட்ட. திறந்தும் பார்க்காத புதுசு.

முட்டுக்குக் கையில் இரண்டு வழி இருந்தது: சிவப்பு பம்ப், அல்லது பையில் கிடக்கிற சல்பியூட்டமோல் குளிசை. குளிசையை நான் இரண்டு காரணத்துக்காக விட்டேன். எது எந்தக் குளிசை என்று கவர் இல்லாமல் நிச்சயமாகச் சொல்ல ஏலாது. சொல்ல முடிந்திருந்தாலும், தூளுக்குப் பலமாக இழுக்க வேண்டும், நாலு சொல்லுக்கு மூச்சு வாங்குகிற 63 வயது மனிசிக்கு அந்த இழுவை வராது. பம்பின் வாயில் பூட்டி மறுபக்கத்தால் மூச்செடுக்கிற பிளாஸ்டிக் கூடான ஸ்பேசரோடு சேர்த்தால் சாதாரண மூச்சு போதும். பேத்திக்கு முன்பு கிளினிக்கில் கொடுத்த ஸ்பேசர் அலுமாரியில் இருந்தது. அது இல்லாத வீட்டில் அரை லீற்றர் தண்ணீர்ப் போத்தலின் அடியில் பம்பின் வாய் இறுக்கமாகப் போகிற அளவுக்கு ஓட்டை போட்டு, போத்தல் வாயால் மூச்செடுப்பார்கள். பார்க்க ஒரு மாதிரி இருந்தாலும் வேலை செய்யும்.

புது பம்ப் என்றபடியால் குலுக்கி, முகத்துக்குப் படாமல் மூன்று தரம் வெறுங்காற்றில் அடிக்கச் சொன்னேன். வால்வு நிரம்பாமல் முதல் அமுக்கில் மருந்து குறைவாக வரும். அப்புறம் மாமியை நிமிர்ந்து இருக்க வைத்து, ஸ்பேசருக்குள் ஒரு அமுக்கு, ஐந்து மூச்சு. அரை நிமிடம் விட்டு, குலுக்கி, அடுத்த அமுக்கு. இரண்டு மூன்று அமுக்கை ஒன்றாக அடித்து நிரப்பினால் மருந்துத் துளிகள் ஒன்றோடொன்று முட்டி ஸ்பேசர் சுவரில் ஒட்டிவிடும், அதனால் ஒவ்வொன்றாகத்தான். பத்து அமுக்கு வரை போகலாம் என்று சொல்லியிருந்தேன். ஆறாவதோடு மாமியே தொலைபேசியை வாங்கி, "தம்பி, நெஞ்சு படபடக்குது, ஆனா மூச்சு விட்டிட்டுது" என்றா. படபடப்பும் கை நடுக்கமும் சல்பியூட்டமோலின் குணம், கொஞ்ச நேரத்தில் போய்விடும். ஆறுதல் வந்தாலும் பலன் நாலு மணித்தியாலத்தில் இறங்கும் என்பதால் அந்த இரவே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகச் சொன்னேன். மச்சான் வானில் ஏற்றிக்கொண்டு போனார்.

அடுத்த கிழமை கொப்பியோடு பாமசிக்கு வந்தபோது இன்னொரு தெரிவு பாக்கி இருந்தது. நாளாந்தம் எடுக்க லண்டன் ஊதாவா, கிளினிக் பெக்லோமெத்தசோன் குளிசையா? மாமிக்கு ஊதாவில்தான் ஆசை, "மகன் அனுப்பினது, விலை கூடினது." இரண்டையும் சேர்த்து எடுக்கலாமா என்றும் கேட்டா. கூடாது, இரண்டிலும் ஸ்டீரொய்டு இருக்கிறது, அளவு ஒன்றின் மேல் ஒன்றாக ஏறும். ஊதா பம்பில் 120 அமுக்கு. காலையில் இரண்டு, இரவில் இரண்டு என்றால் சரியாக முப்பது நாள். அதன் பிறகு அடுத்தது எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. கிளினிக் டொக்டர் கொப்பியைப் புரட்டிப் பார்த்திருக்கிறார். மாமி குளிசையை மாதத்தில் பாதி நாள்கூட எடுத்ததில்லை, முட்டு வந்தால் மட்டும் சல்பியூட்டமோல் வாங்கியிருக்கிறா, போன வருடம் நாலு பம்ப். இருநூறு அமுக்குப் பம்ப் வருடத்தில் மூன்றை எட்டினாலே நோய் அடங்கவில்லை என்றும், பெரிய முட்டு வரலாம் என்றும் எடுத்துக்கொள்வார்கள். ஆகவே மருந்து பலன் தரவில்லை என்று சொல்ல ஒன்றுமில்லை, எடுக்கவே இல்லை. மாதா மாதம் தவறாமல் கிடைக்கிற குளிசையையே தொடரச் சொல்லி, ஊதாவை ஒதுக்கி வைக்கச் சொன்னார். எடுத்த பிறகு வாய் கொப்பளிக்கவும் சொல்லியிருக்கிறார், இல்லையென்றால் நாக்கில் வெள்ளை படியும்.

குளிசைகளை நான் இரண்டு போத்தலில் பிரித்துக் கொடுத்தேன், இந்த முறை புதுக் கவரோடு. கவரைக் கிழிக்காமல் போத்தலைச் சுற்றி ரப்பர் பட்டியால் கட்டினேன். முட்டுக்கான போத்தலில் இரண்டு பட்டி, இருட்டில் தடவினாலும் தெரியும். சிவப்பு பம்பை மாமி சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு, "இதை இனி ஆருக்கும் குடுக்க மாட்டன்" என்று சொல்லிவிட்டு முல்லைத்தீவு பஸ்ஸுக்குப் போனா.